சம்மாட்டி மறுக்கலாம், காற்றே இல்லை என்று சொல்லக்கூடாது

கேள்வி: மண்டபம் பக்கத்தில் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு நாடகப் பட்டறை நடத்துகிறோம். யாருக்கும் மேடைப் பழக்கம் இல்லை. எழுதி வைக்காமல், அங்கேயே பேசி நடிக்கப் பழக்குகிறோம். 'கூட நடிப்பவர் சொன்னதை மறுக்காதே, ஏற்றுக்கொண்டு அதன்மேல் ஒன்று சேர்' என்ற விதியை முதல் நாளே சொல்லிவிட்டோம். ஆனால் காட்சிகள் எல்லாம் 'ஆமா, ஆமா' என்று போய் ஒரு நிமிஷத்தில் படுத்துவிடுகின்றன. போன வாரம் ஒருவன், "சம்மாட்டி, இன்னைக்கி காத்து சரியில்ல. போக வேணாம்" என்றான். எதிரில் நின்றவன் "ஆமா, வேணாம்" என்றான். அதோடு முடிந்தது. கேட்டால், "மறுக்கக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்கிறான். சண்டையே வராமல் நாடகம் எப்படி வரும்? இந்த விதியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

— ஒரு பள்ளி ஆசிரியை, மண்டபம்

பதில்: டீச்சர், முதலில் அந்தப் பையனைத் திட்டாதீர்கள். சொன்னதை அப்படியே செய்திருக்கிறான். எதை ஏற்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்த முதல் பையனின் வசனத்தைப் பலகையில் எழுதிப் போட்டு, "இதில் என்னென்ன விஷயம் இருக்கிறது?" என்று எல்லோரையும் கேளுங்கள். எதிரில் இருப்பவர் சம்மாட்டி, அதாவது படகுக்குச் சொந்தக்காரர். பேசுகிறவன் அந்தப் படகில் போகிறவன். இன்றைக்குக் கடலுக்குப் போவதாக ஏற்பாடு. காற்று பலமாக இருக்கிறது. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கிற சங்கதிகள். இதற்கு அப்புறம் ஒன்று மிச்சம் இருக்கிறது: 'போக வேணாம்'. அது சங்கதி இல்லை, அவனுடைய ஆசை.

விதி சங்கதிகளுக்குத்தான். படகு, சம்மாட்டி, காற்று, இன்றைய பயணம் எல்லாம் அந்த வசனம் சொல்லப்பட்ட நொடியிலிருந்து இரண்டு பேருக்கும் உண்மை. அதை யாரும் அழிக்கக் கூடாது. ஆசை அப்படியில்லை. சம்மாட்டி 'போய்த்தான் ஆகணும்' என்று தாராளமாகச் சொல்லலாம். நடிக்கிற பையன் தன் கூட்டாளி கட்டிய உலகத்தை ஏற்கிறான். அவன் போட்டிருக்கிற வேஷம் அந்த உலகத்துக்குள் நின்று முடியாது என்கிறது. இந்த இரண்டும் ஒரே ஆள் மாதிரித் தெரிவதால்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

இதற்கு வெளியூர் உதாரணம் தேடவே வேண்டாம். உங்கள் மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறதே, அதைப் பாருங்கள். ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்கிறார்கள். ஒத்திகை கிடையாது. பல நேரம் அன்று சாயங்காலம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அப்படி வந்தவர்கள் 'வள்ளி திருமணம்' போட்டு விடிய விடியத் தர்க்கம் பண்ணுகிறார்கள். வேடனாக வந்த முருகன், மான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். வள்ளி அவனை விரட்டுகிறாள், குத்திப் பேசுகிறாள், முடியவே முடியாது என்கிறாள். ஆனால் 'நீ வேடனே இல்லை, முருகன்தானே' என்று மட்டும் சொல்லமாட்டாள். அந்த அம்மாவுக்கும் தெரியும், கீழே உட்கார்ந்திருக்கிற ஊருக்கே தெரியும். அதைச் சொல்லிவிட்டால் பத்தரை மணிக்கே எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். அவன் வேடன் என்பதை ஏற்றுக்கொண்டதால்தான் அவளால் இவ்வளவு நேரம் மறுக்க முடிகிறது.

சரி, உங்கள் காட்சிக்கு வருவோம். சம்மாட்டியாக நிற்பவனுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் காட்சி இப்படிப் போகலாம்:

"சம்மாட்டி, இன்னைக்கி காத்து சரியில்ல. போக வேணாம்."

"காத்து சரியில்லதான். ஐஸ் ஏத்தியாச்சே, அத என்ன செய்ய?"

"ஐஸ் கரைஞ்சா ஐஸ் காசோட போச்சு. வலையும் போயிருச்சுன்னா?"

"வலையப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? ஒங்கப்பன் ஒரு நாளும் இப்புடிப் பேசினதில்ல."

"அப்பா பேசாமப் போனதாலதான் சம்மாட்டி, அம்மா இன்னைக்கி என்னய அனுப்ப மாட்டேங்குது."

"ஒங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். முன்பணம் அது கையெழுத்துப் போட்டு வாங்கினதுதானே."

மொத்தம் ஆறு வசனம். இரண்டு பேரும் ஒரு இடத்தில்கூட ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒருவர் வைத்ததை மற்றவர் ஒரு தடவைகூடத் தட்டிவிடவும் இல்லை. இரண்டாவது வசனத்தைப் பாருங்கள். 'காத்து சரியில்லதான்' என்று சங்கதியை வாங்கிக்கொள்கிறான். பயணத்தை நிறுத்த மாட்டேன் என்பதை நேராகச் சொல்லாமல் ஐஸை எடுத்து வைக்கிறான். ஐஸ் என்றதும் பணம் வருகிறது. பணத்தைப் பிடித்து அடுத்தவன் வலைக்குப் போகிறான். வலைப் பேச்சில் சம்மாட்டிக்குக் கோபம் வருகிறது, அந்தக் கோபத்தில் அப்பா வருகிறார். அப்பாவைப் பிடித்து அம்மா, அம்மாவைப் பிடித்து முன்பணம். ஒரு வசனத்துக்கு ஒரு பொருள்தான் சேருகிறது. முதல் வசனம் பேசும்போது முன்பணம் என்ற ஒன்று இரண்டு பேர் மனசிலும் கிடையாது. யோசித்து வைத்திருந்தால் இவ்வளவு இயல்பாக வந்திருக்காது.

காற்றைப் பற்றி ஒரு சின்ன நுணுக்கம். 'இந்தக் காத்துக்கா பயப்படுற?' என்று சம்மாட்டி கேட்டால் அது மறுப்பில்லை. காற்று இருக்கிறது, அவருக்குப் பயமில்லை, அவ்வளவுதான். 'காத்தா? எலகூட அசையலையே' என்றால் அது மறுப்பு. கூட்டாளி நட்டதைப் பிடுங்கிப் போட்டாயிற்று. மண்டபத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு பதிலும் தானாகவே வரும்: 'வடகடல் சரியில்லன்னா தெக்க போவோம்.' வாடைக்காற்று அடிக்கும்போது வடக்கே கொந்தளிக்கும், தெற்கே அடங்கிக் கிடக்கும் என்பது அவர்கள் வீட்டுச் சங்கதி. அதைச் சொன்னால் காற்றையும் ஏற்றாயிற்று, பயணத்தையும் விடவில்லை, புதிதாக ஒரு கடலும் வந்துவிட்டது. இப்படிப்பட்ட பதிலை நாம் யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

நாடகப் பட்டறைகளில் கூட்டாளி முன்னால் வைக்கிற எதையும் ஆஃபர் என்பார்கள், அதைத் தட்டிவிடுவதை பிளாக் என்பார்கள். 1950களின் கடைசியில் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் வேலை பார்த்த கீத் ஜான்ஸ்டன் வழியாகப் பரவிய சொற்கள் இவை. ஏறக்குறைய அதே காலத்தில் சிகாகோவிலும் இந்த விதி கெட்டிப்பட்டது. அங்கே அதற்கு விதை போட்ட வயோலா ஸ்போலின் தன் விளையாட்டுகளைப் பெரிய நடிகர்களுக்காக உண்டாக்கவில்லை. குடியேறி வந்தவர்களின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது உண்டாக்கினார். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு இது வருமா என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட சண்டை விஷயம். இதில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சண்டை வந்தால் நாடகம் வந்துவிடும் என்று நினைத்து பிள்ளைகளைத் தூண்டிவிட்டால் அடுத்த வாரம் இதைத்தான் பார்ப்பீர்கள்: 'போகணும்', 'போக வேணாம்', 'போய்த்தான் ஆகணும்', 'முடியாது'. குரல் மட்டும் ஏறும், சங்கதி ஒன்றும் ஏறாது. பத்து வசனம் கழித்தும் முதல் வசனத்தில் தெரிந்ததுதான் தெரிந்திருக்கும். 'ஆமா, வேணாம்' என்று முடிந்ததற்கும் இதற்கும் வியாதி ஒன்றுதான். இரண்டிலும் யாரும் எதையும் சேர்க்கவில்லை.

ஒத்துப்போயும் காட்சி நகரும். பாசி எடுக்கப் போகிற இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்த வருஷம் கரையோரம் பாசியே இல்ல மதினி."

"ஆமாடி. தீவுப் பக்கம் போனாத்தான் ரெண்டு கிலோவாச்சும் தேறும்."

"தீவுப் பக்கம் ஃபாரஸ்ட்காரவுக நிக்கிறாகளே."

"நிக்கட்டும். இருட்டோட போயி இருட்டோட வந்துருவோம். வெரல்ல துணி சுத்திக்க."

"ஒரு கைக்குத்தான் துணி இருக்கு மதினி."

ஒருவரை ஒருவர் மறுக்கவே இல்லை. ஆனாலும் ஐந்தாவது வசனத்தில் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பாறையிலும் பவளத்திலும் விரல் கிழியும் என்பதற்காகத் துணி சுற்றுவார்கள். ஒரு கைக்குத்தான் துணி என்றால் இன்னொரு கை என்ன ஆகும் என்று பார்க்கிறவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஃபாரஸ்ட்காரர்களும் அங்கே சும்மா வந்து நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அங்கே போகத் தடை இருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் யாராவது ஒருத்தியின் அம்மாவுக்கு இது தினப்படிப் பிரச்சினையாக இருக்கும்.

'சேர்' என்றதும் அள்ளிக் கொட்டுகிறவர்களும் உண்டு. கூச்சம் இல்லாத, கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதைச் செய்வார்கள். 'ஆமா, காத்து சரியில்ல, இஞ்சின் வேற ரிப்பேர், எங்க மாமா துபாய்லேர்ந்து வர்றாரு, அங்க பாரு திமிங்கிலம்!' கூட்டாளி இதில் எதைப் பிடிப்பான்? காற்றுக்குப் பெயரளவில் ஒரு 'ஆமா' கிடைத்தது, அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முந்தைய வசனத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இந்த வசனத்தை மட்டும் படித்துப் பாருங்கள். முந்தையது இல்லாமலே இது தனியாக நின்றால், அது சேர்த்தது இல்லை, பக்கத்தில் கொண்டுவந்து போட்டது. 'ஐஸ் கரைஞ்சா ஐஸ் காசோட போச்சு' என்பது ஐஸ் என்று முன்னால் ஒருவர் சொல்லாமல் வரவே முடியாது. திமிங்கிலம் எங்கே வேண்டுமானாலும் வரும்.

நேரான மறுப்பு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'நான் சம்மாட்டி இல்லடா, ஒன் தங்கச்சி' என்பான் ஒருவன், கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அந்தச் சிரிப்பு காட்சிக்கு வந்தது இல்லை. ஏமாந்து நிற்கிற அடுத்தவன் முகத்தைப் பார்த்து வந்தது. அவன் அடுத்த தடவை மேடையேறும்போது என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். 'நீங்க யாரு?', 'இங்க என்ன பண்றீங்க?', 'அது என்ன கையில?' என்று கேள்வியாகவே கேட்பான். கேள்வியை யாரும் தட்டிவிட முடியாதல்லவா? தானாக எதையும் வைக்கமாட்டான், எல்லாவற்றையும் எதிராளியே உண்டாக்கட்டும் என்று விட்டுவிடுவான். உங்கள் பட்டறையில் காட்சிகள் வரிசையாக இப்படிக் கேள்வியில் தொடங்கினால், முந்தின நாட்களில் யாரோ யாரையோ நிறையத் தட்டிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாக் கேள்வியும் இப்படியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ஐஸ் ஏத்தியாச்சே, அத என்ன செய்ய?' என்பதும் கேள்விதான், ஆனால் ஐஸை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்கிறது.

பட்டறையில் இதை எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். விதியை விளக்குவதைக் குறைத்துக்கொண்டு செய்து பார்க்க விடுங்கள். முதலில் ஒரே வசனத்தை மூன்று விதமாக வாங்கச் சொல்லுங்கள். 'அண்ணே, வலையில ஏதோ பெருசா மாட்டியிருக்கு' என்று ஒருத்தி சொல்கிறாள். எதிராளி முதலில் தட்டிவிட வேண்டும்: 'வலையே போடலையே.' அடுத்து வெறுமனே ஏற்க வேண்டும்: 'ஆமா, மாட்டியிருக்கு.' மூன்றாவதாக ஏற்று ஒன்று சேர்க்க வேண்டும்: 'மெதுவா இழு, போன வாரம்தான் இந்த வலைய ஒட்டுப் போட்டோம்.' மூன்றும் முடிந்ததும், சொன்ன பிள்ளையிடம் ஒவ்வொன்றுக்கும் அப்புறம் உனக்கு என்ன பேசத் தோன்றியது என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்பாள். அதை அவள் வாயால் கேட்ட பிறகு நீங்கள் விளக்க அதிகம் மிச்சம் இருக்காது.

அடுத்தது சங்கதி எண்ணும் ஆட்டம். ஒருவர் ஒரு வசனம் சொல்வார். பதில் சொல்வதற்கு முன்னால் வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அதில் உள்ள சங்கதிகளைச் சொல்லவேண்டும், ஆசை எது என்று தனியாகப் பிரிக்கவேண்டும். 'மதினி, அந்தக் கருவாட்டுக் கூடைய எங்க வீட்டு வாசல்லேர்ந்து எடுங்க' என்பதில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள்: உறவு, கருவாடு, அடுத்தடுத்த வீடு, ஏற்கெனவே புகைந்துகொண்டிருக்கிற ஒரு மனத்தாங்கல். எடுங்கள் என்பது ஆசை. அதை மதினி மறுக்கலாம். கூடை அங்கே இல்லை என்றுதான் சொல்லக்கூடாது.

இதற்கு அப்புறம் காட்சிக்கு விடுங்கள். ஒருவருக்கு ஒரு ஆசை, மற்றவர் அதை மறுக்கிறார், ஆனால் சங்கதி ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்கிறார். ஆறு வசனத்தில் நிறுத்திவிடுங்கள், நன்றாகப் போனாலும் நிறுத்துங்கள். தொடக்கத்தில் ஊன்றுகோல் மாதிரி ஒரு வழக்கம் வைக்கலாம்: கூட்டாளி சொன்னதில் ஒரு சொல்லை எடுத்து உங்கள் வசனத்தை ஆரம்பியுங்கள் என்று. 'காத்து சரியில்லதான்' என்பது அப்படி வந்ததுதான். காது கொடுத்துக் கேட்டால்தான் சொல்லை எடுக்க முடியும். ஆனால் ஒரு நாளைக்கு மேல் இதை வைக்காதீர்கள், பேச்சு கிளிப்பிள்ளை மாதிரி ஆகிவிடும். நீங்கள் ஓரமாக நின்று, வெறும் 'ஆமா' வந்தால் 'சேர்' என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். மழுப்பலாக 'ஏதோ ஒரு பிரச்சினை' என்றால் 'எது?' என்று கேளுங்கள். நடுவில் நிறுத்திப் பாடம் நடத்த வேண்டாம்.

மேலே எழுதிய காட்சியில் அப்பா வந்த இடத்தில் எனக்கே எழுதக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. உங்கள் கரையில் கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாக்கள் உண்டு, இலங்கைச் சிறையில் இருக்கிற அண்ணன்களும் உண்டு. ஒரு பையன் விளையாட்டாக 'நேவி ஒங்கப்பாவப் பிடிச்சிருச்சு' என்பான், எதிரில் நிற்கிறவளுக்கு அது வீட்டில் நடந்ததாக இருக்கும். விதி இருக்கிறதே என்று அவள் அதை ஏற்று நடிக்க வேண்டியதில்லை. ஒரு ஆளின் சாதி, மதம், உடம்பு ஆகியவற்றை வைத்து ஆஃபர் செய்தாலும் அப்படியே. தொடுவதும் அப்படியே. 'நீதான் என் பொண்டாட்டி' என்றால் அந்தப் பெண் சங்கதியை வாங்கிக்கொண்டு சண்டை போடலாம், கையைப் பிடித்தால் விலகிவிடலாம். இதற்கு ஒரு சைகையை, கையைத் தலைக்கு மேல் தூக்குவதோ வேறு எதுவோ, முதல் நாளே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். கை உயர்ந்தால் காட்சி நிற்கும், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. ஏற்றுக்கொள் என்ற விதியைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால், அதற்குள் யாராவது ஒருத்தி வேண்டாததைச் சிரித்துக்கொண்டே ஏற்றிருப்பாள்.

அடுத்த வாரம் அதே இரண்டு பையன்களை, அதே சம்மாட்டி வசனத்தோடு திரும்ப நிற்க வையுங்கள். புதுக் காட்சி கொடுத்தால் என்ன மாறியது என்று அவர்களுக்கே தெரியாது. அப்புறம், முடிந்தால் ஸ்பெஷல் நாடகக் கலைஞர் ஒருவரை ஒரு மணி நேரம் கூட்டிவந்து பேச வையுங்கள். தர்க்கத்தில் எதிராளி எதிர்பாராமல் ஒரு கேள்வியைப் போட்டால் எப்படி வாங்குவார், எதைத் தொடவே மாட்டார் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பங்குனி, சித்திரைத் திருவிழா நாட்களில் அவர்கள் தூங்கவே நேரம் இருக்காது. அது கழிந்ததும் கேட்டால் வருவார்கள். பேசிய தொகையைக் கையோடு கொடுத்துவிடுங்கள்.